தகரத் தட்டி விழுந்த கணக்கு



எங்கள் அப்பாவின் டீக்கடை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடை வாசலுக்கு மேலே வெயிலுக்காக ஒரு தகரத் தட்டி உண்டு. காலையில் தூக்கிக் கட்டுவோம், ராத்திரி இறக்கி மூடுவோம். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி அந்தத் தட்டியின் வலது பக்கம் சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து, கீழே அடுக்கியிருந்த சோடா பாட்டில்கள் மேல் விழுந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்த இடத்தில்தான் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி நின்று டீ குடித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

மறுநாள் காலை அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா, ஸ்க்ரூவ ஒழுங்கா முறுக்குனியா இல்லியா?" என்பதுதான். வலது பக்கக் கீலை மாட்டியவன் நான். முழு பலத்தோடு முறுக்கினேன் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அப்போதுதான் வகுப்பில் 'திண்பொருளின் சமநிலை' பாடம் நடந்துகொண்டிருந்தது. சரி, கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

தட்டியைப் பிடித்திருந்தவை மூன்று

தட்டி ஒரு செவ்வகம். ஆங்கிள் சட்டத்தில் தகரம் அடித்தது. சுவரோரமாக 2 மீட்டர் நீளம், சுவரிலிருந்து வெளியே 1 மீட்டர் அகலம். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தபோது 24 கிலோ இருந்தது. g-ஐ 10 என்று வைத்துக்கொண்டால் எடை 240 நியூட்டன். தகரம் ஒரே சீராக இருப்பதால் இந்த எடை முழுவதும் தட்டியின் நட்டநடுவில் கீழ்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

சுவரைப் பார்த்து நின்றால் இடது ஓரத்தில் இருப்பது பால் ஜாயிண்ட், அதாவது பந்து மூட்டு. முன்பு அங்கேயும் கீல்தான் இருந்தது. அது துருப்பிடித்து ஒடிந்தபோது பக்கத்து லாரி பட்டறை அண்ணன், பழைய வேனின் ஸ்டியரிங் கம்பி முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட்டைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்தார். "செவுரு கோணலா இருக்குடா தம்பி. ரெண்டு கீலும் ஒரே கோட்டுல உக்காராது, இழுத்துப் புடிச்சுக்கும். இது கோணலுக்கு ஏத்த மாதிரி தானா திரும்பிக்கும்" என்றார். நம் தோள்பட்டை மூட்டும் இதே வகைதான். பந்தை எந்தப் பக்கமும் நகர்த்த முடியாது. ஆனால் எந்தப் பக்கமும் திருப்பலாம். கணக்குப் பாஷையில் சொன்னால், அது மூன்று திசைகளிலும் எதிர்விசை தரும், ஆனால் திரும்புவதைத் தடுக்காது. ஆகவே அங்கே தெரியாத விசைகள் மூன்று: மேல்-கீழ், உள்-வெளி, இடம்-வலம்.

வலது ஓரத்தில் இருப்பது சாதாரணக் குழாய்க் கீல். ஒரு துண்டுக் குழாய்க்குள் ஒரு கம்பி. கம்பி குழாய்க்குள் நீளவாட்டில் விரலளவு நழுவும். அதனால் அது இடம்-வலமாக எதையும் தாங்காது. மேல்-கீழும் உள்-வெளியும் மட்டும் தாங்கும். தெரியாத விசைகள் இரண்டு. குழாய் சின்னது, உள்ளே ஆட்டமும் உண்டு. அதனால் தட்டி கோணுவதை அந்தக் கீல் தனியாகத் தடுக்கும் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது கயிறு. தட்டியின் வெளிப்பக்க வலது மூலையிலிருந்து, அதாவது பந்து மூட்டுக்கு நேர் குறுக்கு மூலையிலிருந்து, கிளம்பி மேலே சுவரில் ஒரு வளையத்துக்குப் போகும். கயிறு தன் நீளத்தின் வழியேதான் இழுக்கும். தள்ளத் தெரியாது. தெரியாத விசை ஒன்று.

மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் ஆறு.

ஆறுக்கு ஆறு

நம் புத்தகத்தில் உள்ள தளக் கணக்குகளில் மூன்று சமன்பாடுகள் போதும். முப்பரிமாணத்தில் ஆறு வேண்டும். மேல்-கீழ், உள்-வெளி, இடம்-வலம் என்று மூன்று திசைகளிலும் விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம். மூன்று அச்சுகளைப் பற்றிய திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையும் பூஜ்யம். ஆறு சமன்பாடு, ஆறு தெரியாதவை. கணக்கு முழுசாகத் தீரும்.

பட்டறை அண்ணன் செய்த வேலையின் அருமை இங்கேதான் எனக்குப் புரிந்தது. வலது கீல் நழுவாமல் இறுக்கமாக இருந்திருந்தால் அதுவும் இடம்-வலமாகத் தாங்கியிருக்கும். தெரியாதவை ஏழாகிவிடும், சமன்பாடு ஆறுதான். இரண்டு மூட்டுகளும் ஒன்றை ஒன்று எவ்வளவு நெருக்குகின்றன என்பதை வெறும் சமநிலைக் கணக்கால் சொல்லவே முடியாது. வெயிலில் தகரம் நீண்டால் இரண்டும் ஒன்றை ஒன்று முட்டும். அந்த விரலளவு ஆட்டம்தான் தட்டியையும் காப்பாற்றியது, என் கணக்கையும் காப்பாற்றியது.

முதலில் கயிறு

ஆறு சமன்பாட்டையும் எழுதிவிட்டு ஆறையும் சேர்த்துத் தீர்க்க உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் அடித்தல் திருத்தல்தான் மிச்சம். பிறகு எங்கள் இயற்பியல் சாரிடம் காட்டினேன். அவர் பேனாவைக் கூட எடுக்கவில்லை. "எந்த அச்சைச் சுத்தித் திருப்புத்திறன் எடுக்கறதுன்னு நீதானப்பா முடிவு பண்ணணும்? தெரியாதது நிறைய எந்தக் கோட்டுல உக்காந்திருக்கோ, அதையே அச்சா எடு" என்றார்.

பந்து மூட்டையும் கீலையும் சேர்க்கும் கோடு, அதாவது சுவரோரக் கோடு. இந்த அச்சைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால், இரண்டு மூட்டுகளின் ஐந்து விசைகளும் அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதால் ஒன்றுக்கும் திருப்புத்திறன் கிடையாது. ஐந்தும் ஒரே வீச்சில் காணாமல் போய்விட்டன! மிச்சம் எடையும் கயிறும்தான்.

எடை இந்தக் கோட்டிலிருந்து அரை மீட்டர் வெளியே இருக்கிறது. அதன் திருப்புத்திறன் 240 × 0.5 = 120 நியூட்டன் மீட்டர். கயிறு கட்டிய மூலை 1 மீட்டர் வெளியே இருக்கிறது. கயிற்றின் இழுவிசையை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். இடப்பக்கக் கூறு அச்சுக்கு இணையாகப் போகிறது, திருப்பாது. உட்பக்கக் கூறை நீட்டினால் அச்சையே வெட்டும், அதுவும் திருப்பாது. மேல்நோக்கிய கூறு மட்டும்தான் தட்டியைத் தூக்குகிறது. அது 1 மீட்டர் தொலைவில் 120 நியூட்டன் மீட்டர் தர வேண்டும் என்றால், மேல்நோக்கிய கூறு 120 நியூட்டன்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைச் சுவரில் எங்கே அடித்தாலும் இந்த 120 மாறாது. மற்ற கூறுகள்தான் மாறும். விபத்துக்கான காரணம் அந்த 'மற்ற கூறுகளில்' ஒளிந்திருக்கிறது.

பழைய இடம்

ஆரம்பத்தில் வளையம் பந்து மூட்டுக்கு நேர் மேலே, 2 மீட்டர் உயரத்தில் இருந்தது. வலது பக்கம் மாடி வீட்டு ஜன்னல் இருந்ததால் அப்பா அங்கே அடித்திருந்தார். கயிறு மூலையிலிருந்து கிளம்பி 2 மீட்டர் இடப்பக்கம், 1 மீட்டர் உட்பக்கம், 2 மீட்டர் மேல்நோக்கிப் போகிறது. நீளம்:

√(2² + 1² + 2²) = √9 = 3 மீட்டர்

கயிறு எந்த விகிதத்தில் போகிறதோ அதே விகிதத்தில்தான் இழுக்கும். 2 மீட்டர் மேலேறுவதற்கு 120 நியூட்டன் என்றால் மீட்டருக்கு 60 நியூட்டன். ஆகவே இடப்பக்கம் 2 × 60 = 120, உட்பக்கம் 1 × 60 = 60, கயிற்றின் முழு இழுவிசை 3 × 60 = 180 நியூட்டன்.

இனிக் கீலுக்கு வருவோம். பந்து மூட்டிலிருந்து தட்டியின் தளத்திலேயே வெளிப்பக்கமாகப் போகும் கோட்டை அச்சாக எடுங்கள். எடை இந்தக் கோட்டுக்கு 1 மீட்டர் வலப்பக்கம் இருக்கிறது: 240 × 1 = 240. கயிறு 2 மீட்டர் வலப்பக்கம் தூக்குகிறது: 120 × 2 = 240. இரண்டும் சரிக்குச் சரி. ஆகவே கீல் மேல்-கீழாக எதையும் தாங்கவில்லை.

அடுத்து பந்து மூட்டின் வழியே செங்குத்தாக மேலே போகும் கோட்டை அச்சாக எடுங்கள். எடை இந்த அச்சுக்கு இணை, திருப்பாது. கயிறு இந்தக் கோட்டின் மேல் உள்ள வளையத்தில்தான் முடிகிறது, அதாவது அச்சையே தொடுகிறது, திருப்பாது. மிச்சம் இருப்பது கீலின் உள்-வெளி விசை. அதற்கு எதிராக நிற்க யாரும் இல்லை என்றால் அதுவும் பூஜ்யம்.

முதலில் நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே விடை. பழைய இடத்தில் கயிறு இருந்த வரைக்கும், தட்டியின் சொந்த எடையில் ஒரு துளியைக் கூட வலது கீல் தாங்கவில்லை! எல்லாவற்றையும் பந்து மூட்டும் கயிறும் பங்கு போட்டுக்கொண்டன. தட்டியின் நடுப்புள்ளி, பந்து மூட்டையும் கயிற்று மூலையையும் சேர்க்கும் மூலைவிட்டத்தின் சரிபாதியில் இருப்பதுதான் காரணம்.

அப்படியானால் கீலைக் கழற்றிவிடலாமா? கூடாது. கீல் இல்லாவிட்டால் தட்டி, பந்து மூட்டையும் வளையத்தையும் சேர்க்கும் செங்குத்துக் கோட்டைச் சுற்றி வாசல் கேட் மாதிரி ஊசலாடும். பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தாலோ யாராவது தலையால் இடித்தாலோ அதைத் தடுப்பது கீல் மட்டும்தான். சும்மா நிற்கும்போது பாரம் இல்லை என்பதற்காக வேலையே இல்லை என்று அர்த்தமில்லை.

புதிய இடம்

போன புரட்டாசியில் சுவருக்குப் புதுப் பூச்சு பூசியபோது வளையத்தைப் பிடுங்கிவிட்டார்கள். புதுப் பூச்சில் உடனே ஓட்டை போடக் கூடாது என்றார்கள். இடப்பக்கம் சுவரை ஒட்டி மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி போகிறது. அதில் பந்து மூட்டுக்கு 2 மீட்டர் இடப்பக்கமாக, தட்டியை விட 1 மீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் கயிற்றைக் கட்டினோம். நீளமான கயிறு வாங்கி, கழியால் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்துக் கட்டியதில் இரண்டு பேருக்குக் கை சிவந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது கயிறு இடப்பக்கம் 4 மீட்டர், உட்பக்கம் 1 மீட்டர், மேல்நோக்கி 1 மீட்டர் போகிறது. நீளம் √18, சுமார் 4.24 மீட்டர். மேல்நோக்கிய கூறு அதே 120தான். ஆனால் மேலேறுவது 1 மீட்டர் மட்டும்தானே? மீட்டருக்கு 120 நியூட்டன் ஆகிவிட்டது. இடப்பக்கம் 4 × 120 = 480 நியூட்டன், உட்பக்கம் 120 நியூட்டன், கயிற்றின் முழு இழுவிசை 4.24 × 120 = 509 நியூட்டன். முன்பு 180 இருந்தது இப்போது 509! தட்டி அதேதான், எடை அதேதான். கயிறு படுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கீலுக்கு என்ன ஆயிற்று? மறுபடியும் பந்து மூட்டின் வழியே போகும் செங்குத்துக் கோட்டை அச்சாக எடுங்கள். மேலிருந்து பார்த்தால், கயிறு வெளிப்பக்க வலது மூலையிலிருந்து கிளம்பி 4 மீட்டர் தள்ளிச் சுவரைத் தொடுகிறது. அது பாதி வழியில், பந்து மூட்டுக்கு நேர் முன்னால் அரை மீட்டர் வெளியே கடந்து போகிறது. முன்பு அச்சைத் தொட்ட கயிறு இப்போது அச்சை விட்டு விலகிப் போகிறது. இடப்பக்கக் கூறு 480 நியூட்டன், அரை மீட்டர் தொலைவில்: 480 × 0.5 = 240 நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் உட்பக்கக் கூறு நேராகப் பந்து மூட்டைப் பார்த்துப் போவதால் திருப்பாது. ஆகவே இந்த 240 முழுவதும் தட்டியின் வலது பக்கத்தைச் சுவரை விட்டு வெளியே திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுக்கக் கீல் 2 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 240 ÷ 2 = 120 நியூட்டன்.

அதாவது, முன்பு ஒன்றுமே தாங்காத கீலை இப்போது தட்டியைத் தூக்கிக் கட்டியிருக்கும் நேரமெல்லாம் 12 கிலோ எடைக்குச் சமமான விசை சுவரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூக்கள் இருந்ததும் அதே திசையில்தான். சுவருக்குள் மரத்தக்கை, அதில் நேராக முறுக்கிய ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் குறுக்கே அழுத்தினால் அது நன்றாகத் தாங்கும். அதன் நீளத்தின் வழியே வெளியே இழுத்தால், ஈரம் பட்ட தக்கை எத்தனை நாள் பிடிக்கும்?

நம்பிக்கை வராதவர்கள் இப்போதே செய்து பாருங்கள். ஒரு நீளமான நோட்டை மேஜை மேல் படுக்க வைத்து, நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். சுவரோர இடது மூலையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அதுதான் பந்து மூட்டு. குறுக்கு மூலையில் ஒரு நூலைக் கட்டி, நூலை நேராக விரலை நோக்கி இழுங்கள். நோட்டு திரும்பாது. இனி நூல் விரலுக்கு முன்னால், உங்கள் பக்கமாக, கொஞ்சம் விலகிப் போகிற மாதிரி இடப்பக்கம் இழுங்கள். நோட்டின் வலது பக்கம் சுவரை விட்டு வெளியே வரும். எங்கள் கீல் பிடுங்கிக்கொண்டு வந்ததும் இப்படித்தான்.

அந்த ராத்திரி

பதினைந்து நாள் தாங்கியது அன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தது? தட்டியின் ஆங்கிள் சட்டத்துக்கு மேல்நோக்கி ஒரு விளிம்பு உண்டு. தட்டி படுக்கையாக இருக்கும்போது அது ஒரு தாம்பாளம். மழைத் தண்ணீர் அதில் நிற்கும். பரப்பு 2 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. தட்டியின் எடை கிட்டத்தட்ட இரண்டு பங்கு ஆகிவிட்டது!

தண்ணீர் சீராகப் பரவியிருந்தால் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதில்லை. எடை 240-லிருந்து 440 ஆனால் எல்லா விசைகளும் அதே விகிதத்தில் ஏறும். கீலை வெளியே இழுப்பது 120-லிருந்து 220 நியூட்டன். கயிற்றில் 509-லிருந்து சுமார் 933 நியூட்டன். கயிறு புது நைலான், தாங்கிவிட்டது. பந்து மூட்டு வெல்டிங், தாங்கிவிட்டது. தக்கை தாங்கவில்லை. பழைய இடத்திலேயே கயிறு இருந்திருந்தால் இதே மழையில், இதே தண்ணீரில், கீலின் பாரம் பூஜ்யமாகவே இருந்திருக்கும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

கடைசியில் பந்து மூட்டின் எதிர்விசையைக் கண்டுபிடிப்பது சுலபம், கூட்டல் கழித்தல்தான். புதிய இடத்துக்கு, தண்ணீர் இல்லாதபோது: கயிறு 480 இடப்பக்கம் இழுக்கிறது, ஆகவே மூட்டு தட்டியை 480 வலப்பக்கம் தள்ளுகிறது. கயிறு 120-உம் கீல் 120-உம் உட்பக்கம் இழுக்கின்றன, ஆகவே மூட்டு 240 வெளிப்பக்கம் தள்ளுகிறது. எடை 240, கயிறு தூக்குவது 120, ஆகவே மூட்டு 120 தூக்குகிறது. பிறகு இதுவரை பயன்படுத்தாத ஓர் அச்சை எடுத்துச் சரிபார்க்கலாம். நான் கீலின் வழியே போகும் செங்குத்துக் கோட்டை எடுத்தேன். மூட்டின் வெளித்தள்ளல் 240 × 2 = 480 ஒரு பக்கம்; கயிற்றின் இடப்பக்கக் கூறு 480 × 1 = 480 எதிர்ப்பக்கம். சரியாக வந்தது. வராவிட்டால் எங்கோ ஒரு கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும்.

குறியைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டிலோ கீலிலோ விடை கழித்தல் குறியோடு வந்தால் பயப்பட வேண்டாம். நாம் நினைத்த திசைக்கு எதிர்த்திசையில் விசை இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கீலில் நான் முதலில் 'சுவர் தட்டியை வெளியே தள்ளும்' என்று எடுத்துக்கொண்டேன். கழித்தல் 120 வந்தது. அந்தக் கழித்தல் குறிதான் 'கீல் பிடுங்கப்படுகிறது' என்று எனக்குச் சொன்னது. ஆனால் கயிற்றுக்குக் கழித்தல் வந்தால் கதையே வேறு. கயிறு தள்ளாது. அப்படி ஒரு விடை வந்தால் அந்த நிலையில் தட்டி நிற்கவே நிற்காது என்று பொருள். சீரான காற்று கீழிருந்து 240 நியூட்டனுக்கு மேல் தூக்கினால் அதுதான் நடக்கும். கயிறு தொய்ந்துவிடும், தட்டி மேலே எகிறும். அதற்கு எதிராகக் கீழ்ப்பக்கமும் ஒரு கயிறு வேண்டும்.

இப்போது

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். எண்களை அவர் பார்க்கவில்லை. மேஜை மேல் நோட்டும் நூலும் வைத்து இழுத்துக் காட்டியபோது, இரண்டு தடவை தானே இழுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, ஸ்க்ரூ மேல தப்பில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கைப்புடிக் கம்பில கட்டலாம்னு சொன்னது யாருடா?" என்று கேட்டார்.

அதைச் சொன்னவனும் நான்தான். கணக்கு என்னை ஒரு குற்றத்திலிருந்து விடுவித்து இன்னொன்றில் மாட்டிவிட்டது.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பந்து மூட்டுக்கு நேர் மேலே பழைய இடத்திலேயே சுவரைத் துளைத்து உட்பக்கம் நட்டும் வாஷரும் போட்ட கொக்கி மாட்டினோம். கீலுக்கும் மரத்தக்கை இல்லை, அதே மாதிரி போல்ட்தான். சட்டத்தின் வெளிப்பக்க மூலைகளில் தண்ணீர் வடிய இரண்டு துளை போட்டோம். தட்டியையும் வெளிப்பக்கம் சற்றே தாழ்வாகக் கட்டுகிறோம், தண்ணீர் துளையைத் தேடிப் போகட்டும் என்று. கீழே வாசல் தூணுக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம், காற்றுக்காக.

நீங்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: மாடி ஜன்னல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அதே மூலையிலிருந்து, கீலுக்கு நேர் மேலே 2 மீட்டர் உயரத்தில் கட்டினால், கீல் சுவரிலிருந்து இழுக்கப்படுமா, சுவரோடு அழுத்தப்படுமா? எத்தனை நியூட்டன்? பந்து மூட்டுக்கு என்ன மிச்சம்? விடையைப் பேப்பரில் எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். முதலில் சுவரோரக் கோட்டை அச்சாக எடுத்தால் மூன்றே வரியில் முடிந்துவிடும்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்